கற்பனை விளையாட்டுக்கு விதி எழுதுமுன்

கதைக்காக ஒரு விளையாட்டை உருவாக்குபவர்கள், ஆட்ட விதிகளை எழுதுவதற்கு முன், வென்றவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் யாருக்குப் பயிற்சி மறுக்கப்படுகிறது என்பதையும் முடிவு செய்துகொள்வது நல்லது. இயன் எம். பேங்க்ஸ் 1988இல் வெளியிட்ட 'தி பிளேயர் ஆஃப் கேம்ஸ்' நாவலில், அசாத் என்னும் பலகை விளையாட்டில் ஒருவர் எவ்வளவு தூரம் முன்னேறுகிறார் என்பதே அவருடைய பதவியைத் தீர்மானிக்கிறது. இறுதியில் வெல்பவர் பேரரசராகிறார். ஆனால் அதற்கான கல்வி பெரும்பாலும் ஆளும் பாலினத்தாருக்கே வாய்ப்பதால், திறமைப் போட்டியாகத் தோன்றுவது அதிகாரத்தைக் கைமாறவிடாத ஏற்பாடாகவே இயங்குகிறது. அசாத்தின் முழு விதிகளை பேங்க்ஸ் எங்குமே விளக்கவில்லை. எனினும் கதை தடுமாறுவதில்லை. ஏனெனில் வேற்றுச் சமூகத்திலிருந்து வரும் நாயகன் பேரரசரோடு மோதும்போது, இருவரும் தத்தம் சமூகம் இயங்கும் முறையிலேயே காய்களை நகர்த்துகிறார்கள்.