பணம் கட்டுன கஸ்டமரையே 117 நாள் பாக்கின்னு காட்டுற ஏஜிங் ரிப்போர்ட்

நூல் ஏஜென்சி ஒண்ணுல கணக்கு பாத்தப்ப பட்ட பாடு இது. எந்த பில் எத்தனை நாளா பாக்கி நிக்குதுன்னு காட்டுற ஏஜிங்கை ஜூலை 31 தேதிக்கு எடுத்து சேல்ஸ் தம்பிகிட்ட குடுத்தேன், அவன் நேரா பார்ட்டிக்கு போன் போட்டு ஏப்ரல் பில்லு இன்னும் வரலையேண்ணேன்னு கேட்க, அவர் ஜூன்லயே கட்டியாச்சுன்னு எகிறிட்டாரு. அவர் சொன்னது சரிதான்.

அவரோட பில் மூணு: ஏப்ரல் 5 ரெண்டு லட்சம், மே 20 ஒன்றரை லட்சம், ஜூலை 10 ஒரு லட்சம். ஜூன் 15 அன்னிக்கு ரெண்டு லட்சம் வந்திருக்கு, ஆனா ரசீது போட்டவங்க எந்த பில்லுக்குன்னு காட்டாம டேலில On Account-ல போட்டுட்டாங்க. மொத்த பாக்கி ரெண்டரை லட்சம்னு சரியாத்தான் வரும், அதான் யாருக்கும் சந்தேகம் வரல. ஏப்ரல் பில் மட்டும் 117 நாளா நிக்குது, கீழ மைனஸ் ரெண்டு லட்சம் தனியா தொங்குது. ரிப்போர்ட்ல மைனஸ் தொகை பாத்தாலே முதல்ல அதை தோண்டுங்க. பழைய பில்லுலயே கழிச்சுடலாம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, சரக்கு சரியில்லன்னு அவர் பழைய பில்லை நிறுத்தி வச்சுட்டு அடுத்ததுக்கு கட்டியிருக்கலாம், ஒரு வார்த்தை கேட்டுட்டு பில்லோட சேருங்க.

அடுத்தது நாள் எங்கிருந்து எண்றதுன்றது. இவருக்கு 45 நாள் கிரெடிட். பில் தேதில இருந்து எண்ணுனா மே பில்லுக்கு 72 நாள், பாத்தா பயமா இருக்கும், ஆனா கெடு ஜூலை 4 தான், அப்போ தாண்டுனது 27 நாள். ஜூலை பில்லுக்கு கெடுவே ஆகஸ்ட் 24, அதை 0-30 கட்டத்துல போடாம "கெடு வரல"ன்னு தனி கட்டத்துல போடுங்க. ரெண்டு விதமும் தப்பில்ல, ஆனா எதுன்னு ரிப்போர்ட் தலைப்புலயே எழுதிடுங்க, இல்லன்னா முதலாளி ஒண்ணு நெனச்சு படிப்பாரு நீங்க ஒண்ணு நெனச்சு எடுத்திருப்பீங்க.

எக்செல்ல பண்றவங்க `TODAY()` போட்டு வைக்கிறீங்க பாருங்க, அதுதான் வம்பு. ஜூலை ரிப்போர்ட்டை ஆகஸ்ட் 10 தொறந்தா எல்லா பில்லுக்கும் பத்து நாள் வயசு கூடிடும். H1-ல ரிப்போர்ட் தேதிய கையால அடிங்க, C-ல கெடு தேதி:

```
=$H$1-C2
```

மைனஸ் வந்தா கெடு வரலன்னு அர்த்தம். ஆகஸ்ட்ல வந்த ரசீதையும் ஜூலை பாக்கில கழிச்சுடாதீங்க, இது நான் ரெண்டு தடவ பண்ணியிருக்கேன்.

அட்வான்ஸ் குடுத்தவங்க பணத்தை அடுத்தவன் பாக்கியோட நெட் பண்ணி மொத்தம் காட்டுறதும் நடக்குது, அதை தனியா போடுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி ரிப்போர்ட் மொத்தமும் அதே தேதிக்கு Sundry Debtors பேலன்ஸும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போச்சுன்னா பாதி வேலைதான் முடிஞ்சுது, எனக்கு அன்னிக்கும் ஒத்துத்தான் போச்சு.