முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே உயரமா? ஜாக்கெட் அளவெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் என் தையற்கடையில் இப்போது இரண்டு பெண்கள் தொழில் பழகுகிறார்கள். கை சுத்தமான பிள்ளைகள், மெஷினில் உட்கார்ந்தால் தையல் நூல் பிடித்தது போல வரும். ஆனால் போன வாரம் ஒரு அம்மாவுக்கு அளவெடுத்துவிட்டு அவர்களில் ஒருத்தி நோட்டில் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "உயரம் 15" என்று ஒரே ஒரு வரி. அந்த அம்மாவுக்கு முதுகு நன்றாக வளைந்திருக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் எழுதிய அதே வரி, அதே எண்கூட.

டேப்பை முறுக்கிப் பிடிப்பது, புடவைத் தலைப்புக்கு மேலேயே அளப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை இரண்டு நாளில் தானாகவே விட்டுவிடுவார்கள். வருடக்கணக்கில் விடாமல் தொடர்கிற தவறுகள் வேறு.

ஒரே உயரத்தை இரண்டு பக்கமும் போடுவது

எனக்கு இது எப்படிப் புரிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆச்சிக்கு மணிவிழா ஜாக்கெட். பட்டுப் புடவையோடு சேர்ந்து வந்த பிட், வெட்டினால் வெட்டினதுதான், அதே துணியைக் கடையில் போய்த் திரும்ப வாங்க முடியாது. அவர்கள் வீட்டுக்கே போய் வளவில் வைத்து அளவெடுத்தேன். டேப்பைக் கையில் எடுத்ததும் ஆச்சி, போட்டோவுக்கு நிற்பது போல நிமிர்ந்து நின்றார்கள். கழுத்தடியிலிருந்து மார்பு வழியாக முன்பக்கம் அளந்தேன், 15 வந்தது. அதையே பின்பக்கத்துக்கும் போட்டு வெட்டினேன்.

போட்டுப் பார்த்தபோது ஷோல்டர் தையல் முதுகுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. முன்கழுத்து மேலேறித் தொண்டையை அழுத்தியது. பின்னால் அடிப்பட்டி தூக்கிக்கொண்டு நின்றது, முன்னால் மார்புக்கு மேலே துணி மடிப்பு மடிப்பாக விழுந்தது. ஆச்சி ஒவ்வொரு தடவையும் ஷோல்டரைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டார்கள். கையை விட்டதும் அது திரும்பப் பின்னால் போனது. "என்னத்தா, நேரா நின்னுதானே அளவு குடுத்தேன்" என்றார்கள். நேராக நின்று கொடுத்ததுதான் பிரச்சினை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

பின்பக்கம் உயரம் போதவில்லை என்று மட்டும் நினைத்து, அடிமடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டேன். பக்கத் தையலில் முன்னும் பின்னும் பொருந்தாமல் போனதே தவிர, முதுகில் இருந்த இழுப்பு துளியும் குறையவில்லை. மறுநாள் ஆச்சி வளவில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர்களை எழுப்பி, அப்படியே இயல்பாக நிற்கச் சொல்லி மறுபடி அளந்தேன். முன்பக்கம் 14, பின்பக்கம் 15¾. அதாவது நான் வெட்டிய ஜாக்கெட்டில் முன்னால் ஒரு இஞ்ச் அதிகம், பின்னால் முக்கால் இஞ்ச் குறைவு. இரண்டும் ஒரே திசையில் இழுத்ததால் மொத்தக் கோளாறு 1¾ இஞ்ச். அந்தப் பட்டைச் சரிசெய்ய வழியே இல்லை. ஷோல்டரில் உள்தையல் அரை இஞ்ச்தான் விட்டிருந்தேன். வேறு பட்டு வாங்கி, கூலி வாங்காமல் இன்னொன்று தைத்துக் கொடுத்தேன். புடவையோடு வந்த பிட்டில் ஜாக்கெட் போட முடியாமல்தான் ஆச்சி மணையில் உட்கார்ந்தார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

காரணம் எளிமையானது. நிமிர்ந்த உடம்பில் மார்பைச் சுற்றி வருவதால் முன் உயரம் பெரும்பாலும் பின்னைவிடக் கூடுதலாக இருக்கும். முதுகு மேல்பக்கம் வளையும்போது பின்பக்கத் தூரம் நீளும், முன்பக்கம் சுருங்கும். நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவர்களுக்கு இது தலைகீழ்: முன்பக்க அடி தூக்கும், பின்கழுத்துக்குக் கீழே துணி மடிப்பாகத் தேங்கும். ஜாக்கெட் உடம்போடு ஒட்டி நிற்கிற துணி என்பதால் அரை இஞ்ச்கூட வெளியே தெரிந்துவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான். ஜாக்கெட்டின் அடி எங்கே முடிய வேண்டுமோ அங்கே ஒரு நாடாவைச் சுற்றிக் கட்டுகிறேன். தரைக்குச் சமமாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்க்கிறேன், வளைந்த முதுகில் அது பின்னால் ஏறிக்கொள்ளும். கழுத்தும் ஷோல்டரும் சேரும் புள்ளியில் சாக்பீஸால் சின்ன அடையாளம் வைக்கிறேன். அந்த ஒரே புள்ளியிலிருந்து பின்னால் நாடா வரை ஒரு அளவு, முன்னால் மார்பு வழியாக நாடா வரை ஒரு அளவு. அப்புறம் அக்குளுக்குக் கீழே பக்க உயரம். பக்க உயரம் முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றுதான், அங்கேதான் இரண்டு துண்டும் சேர வேண்டும். மார்புக்கு வடிவம் கொடுக்கிற மடிப்புத் தையல் போய் முடியும் இடமான டக்ஸ் பாயிண்டையும் அதே புள்ளியிலிருந்து, அதே நிலையில் அளக்க வேண்டும். ஆச்சி நிமிர்ந்து நின்றபோது நான் எடுத்த டக்ஸும் இடம் மாறித்தான் விழுந்திருந்தது.

பக்க உயரம் மாறக்கூடாது என்பதால், குறைகிற உயரத்தை அடியில் சேர்த்துப் பயனில்லை. குறை இருப்பது தோள்பட்டை எலும்புக்கு நேராக. பேப்பர் கட்டிங்கில் பின்துண்டின் நடுவிலிருந்து, அந்த எலும்பின் மட்டத்தில், கைக்குழியை நோக்கிக் குறுக்கே வெட்டி, கைக்குழி ஓரத்தில் மட்டும் விட்டுவைக்க வேண்டும். நடுவில் முக்கால் இஞ்ச் விரித்தால் கைக்குழியில் பூஜ்யமாக முடியும், பக்கத் தையல் தொடப்படாது. விரித்ததும் கழுத்து கொஞ்சம் அகலும், அதை அளந்து குறைத்துக்கொள்ள வேண்டும். முன்துண்டில் இதற்கு எதிர்: மார்புக்கு மேலே நடுவில் ஒரு இஞ்ச் மடித்து, கைக்குழியில் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். ஆச்சிக்குப் பின்கழுத்து இறக்கம் 4 இஞ்ச்தான் என்பதால் கழுத்துக்குக் கீழே விரிப்பதற்குத் துணி இருந்தது. பின்கழுத்து அந்தத் தோள்பட்டை எலும்பின் மட்டத்தையும் தாண்டி இறங்கும் மாடலானால் விரிப்பது கழுத்து ஓரத்திலேயே விழும், ஓரம் முதுகைவிட்டுத் தூக்கி நிற்கும். அப்படிப்பட்ட முதுகுக்கு இறக்கமான பின்கழுத்து வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டேப்பைக் காட்டியதும் அளப்பது

டேப்பைப் பார்த்தால் யாராக இருந்தாலும் வயிற்றை உள்ளிழுத்து நிமிர்வார்கள். அதனால் நான் முதலில் டேப்பை எடுப்பதே இல்லை. புடவை எங்கே எடுத்தது, விசேஷம் என்றைக்கு என்று பேசிக்கொண்டே பக்கவாட்டிலும் பின்னாலும் ஒருமுறை நடந்து பார்க்கிறேன். காது ஷோல்டருக்கு நேராக இருக்கிறதா, முன்னால் போயிருக்கிறதா? கை தொங்கும்போது தொடையின் பக்கத்தில் விழுகிறதா, முன்னால் விழுகிறதா? கை முன்னால் விழுந்தால் சாதாரணக் கைவெட்டு பின்பக்கம் இழுக்கும். ஷோல்டர் இரண்டும் ஒரே மட்டமா? இதையெல்லாம் எண்களுக்கு மேலே சொற்களாக எழுத வேண்டும்: "மேல்முதுகு வளைவு, வலது ஷோல்டர் இறக்கம், கை முன்னால்." ஒரு வாரம் கழித்து வெட்டும்போது எண்ணைப் பார்த்து முகம் ஞாபகம் வராது, இந்த வரியைப் பார்த்தால் வரும்.

கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி அளக்காதீர்கள். கண்ணாடியைப் பார்த்ததும் மறுபடி நிமிர்வார்கள்.

லூஸை டேப்பிலேயே சேர்த்துவிடுவது

அளவெடுக்கிறவர் டேப்புக்குள் இரண்டு விரல் விட்டு மார்பு 39 என்று எழுதுவார். வெட்டுகிறவர் அதை உடம்பளவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒன்றரை இஞ்ச் சேர்ப்பார். 38 இஞ்ச் உடம்புக்கு 40½ இஞ்ச் ஜாக்கெட் வரும், அக்குளில் பை போலத் தொங்கும். என் கடையில் அளவெடுப்பதும் வெட்டுவதும் வேறு வேறு ஆள் என்பதால் இது அடிக்கடி நடந்தது. விரல் தடிமனும் ஆளுக்கு ஆள் மாறும்.

டேப்பை அழுத்தாமல், தொங்கவும் விடாமல் உடம்பில் படிய வைத்து, இயல்பாக மூச்சு விடும்போது வருகிற எண்ணை அப்படியே எழுதுங்கள். லூஸ் தனிக் கட்டத்தில் இருக்கட்டும். லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு நான் மார்பில் ஒன்றரை இஞ்ச் விடுகிறேன், வயதானவர்களுக்கு இரண்டு. கைச்சுற்றில் ஒன்று.

லூஸ் எங்கே வேண்டும் என்பதும் ஒரு அளவுதான். முதுகு அகலத்தைக் கை தொங்கும்போது ஒருமுறை, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்த ஆச்சிக்கு 14ம் 15½ம் வந்தது. முழு ஒன்றரையையும் கொடுத்தால் சும்மா நிற்கும்போது முதுகில் சுருக்கம் விழும் என்பதால், இரண்டாவது ஜாக்கெட்டில் பின்பக்கத்துக்கு அரை இஞ்ச் மட்டும் கூட்டினேன். மொத்தச் சுற்றளவு மாறக்கூடாது என்று அதை முன்பக்கத்தில் குறைத்தேன். குனிந்து விளக்கேற்றும்போது கை பிடிக்கவில்லை.

அளவு ஜாக்கெட்டை மட்டும் நம்புவது

அது துவைத்துத் துவைத்துத் தளர்ந்த ஜாக்கெட். அது எங்கே பிடிக்கிறது, எங்கே தூக்குகிறது என்று கேட்பதற்குத்தான் பயன்படும்.

வலது கையை மட்டும் அளப்பது

இரண்டையும் அளங்கள், பெரியதை எழுதுங்கள்.

உள்ளே என்ன போடுவார்கள் என்று கேட்காதது

விசேஷத்தன்று போடும் பாடியைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். டக்ஸ் பாயிண்ட் அதைப் பொறுத்தது.

கண்டாங்கிப் பிட்டை நனைக்காமல் வெட்டுவது

நம் ஊர்க் கண்டாங்கி கெட்டிப் பருத்தி. எவ்வளவு சரியாக அளந்தாலும் முதல் துவைப்பில் சுருங்கிவிடும். ராத்திரி தண்ணீரில் போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு வெட்டுங்கள்.