அச்சுப் படத்தை ஸ்கேன் செய்தால் பட்டை விழுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபி, ஈரோடு பக்கம் கும்பாபிஷேக மலர் வேலை வந்தாலே, பழைய மலரில் இருக்கும் படத்தை அப்படியே எடுத்துப் போடச் சொல்வார்கள். கடைக்குப் புதிதாக வரும் பையன்கள் ஸ்கேன் செய்துவிட்டு, "ஏனுங்கண்ணா, தேர் மேல அலை அலையா ஓடுதுங்க" என்று வந்து நிற்பார்கள். அதற்குப் பெயர் மோரே.

குறைந்த டிபிஐயில் எடுத்துவிட்டு, அப்புறம் சரிசெய்வது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஆப்செட் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெறும் புள்ளிகள்தான் தெரியும். வழவழப்பான பத்திரிகைத் தாளில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 133 வரிசை. அதை 150 டிபிஐயில் எடுத்தால் இரண்டு கட்டமும் ஒத்துப்போகாமல், அங்குலத்துக்கு 17 பட்டை, அதாவது ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒன்று, புதிதாக முளைக்கும். நான்கு மையும் நான்கு கோணத்தில் இருப்பதால் பின்னலும் சேர்ந்துகொள்ளும்.

அந்தப் பட்டையும் தேர்ச் சிற்பமும் கிட்டத்தட்ட ஒரே அகலம். பட்டையை மங்கலாக்கினால் சிற்பமும் போய்விடும். ஒரு மலர் வேலையில் இப்படி எடுத்துவிட்டு, இருந்த ஒரே பிரதியையும் ஊர்க்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தேர்மீது பவானி ஜமுக்காளம் போர்த்தியதுபோல் பட்டை பட்டையாக அச்சாகி வந்தது.

அதே படத்தை 600 டிபிஐயில் எடுத்திருந்தால் ஒரு புள்ளிக்கு நாலரை பிக்சல் கிடைத்திருக்கும். புள்ளி புள்ளியாகவே பதிவானால்தான் அதைக் கரைக்க முடியும். ஸ்கேனர் மென்பொருளில் புள்ளியைக் கரைக்கும் Descreening வசதி இருந்தால் செய்தித்தாளுக்கு 85, பத்திரிகைக்கு 133, உயர்தர அச்சுக்கு 175 என்று தாளுக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் GIMP-இல் Gaussian Blur போதும். ஒரு பிக்சலில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். இந்தப் படத்துக்கு 2 பிக்சல் அருகில் புள்ளிகள் கரைந்துவிடும், அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் 300 டிபிஐக்குச் சுருக்குங்கள். முதலில் சுருக்கினால் பட்டை திரும்ப வரும்.

ஸ்கேன் செய்யும்போதே ஷார்ப்பன்

கூடாது. அது புள்ளியைத்தான் கூர்மையாக்கும். சுருக்கி முடித்த பிறகு லேசாகப் போடுங்கள்.

சிறிதாக்கிப் பார்த்துப் பயப்படுவது

600 டிபிஐ படத்தைத் திரைக்குள் அடக்கிப் பார்த்தால், கோப்பில் இல்லாத பட்டைகூடத் தெரியும். 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்டுடியோ போட்டோவுக்கு டீஸ்கிரீன்

வேண்டாம். அதில் புள்ளியே இல்லை, முகம்தான் மங்கும்.

எழுத்தையும் சேர்த்து டீஸ்கிரீன் செய்வது

படத்தின் கீழே பெயர் வரிசை இருந்தால் எழுத்தின் மேலுள்ள ஒற்றுப் புள்ளியும் சேர்ந்து தேய்ந்துவிடும். படத்துக்கு டீஸ்கிரீனோடு ஒரு ஸ்கேன், எழுத்துக்கு அது இல்லாமல் இன்னொரு ஸ்கேன் எடுத்து இரண்டையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.