ஃபெட்டா சீஸ் கொழகொழக்காமல் இருக்க

ஃபெட்டா வகை சீஸை ஊறவைக்கும் உப்புநீரைப் பச்சைத் தண்ணீரில் கரைக்காமல், அதே சீஸிலிருந்து வடிந்த தெளிநீரில் கரையுங்கள். தெளிநீரைக் கொதிக்கவிட்டு, மேலே திரளும் வெள்ளைத் திப்பிகளைத் துணியில் வடிகட்டி, ஆறிய பின் லிட்டருக்கு 80 கிராம் உப்பைச் சேர்த்தால் ஏழரை விழுக்காட்டை ஒட்டிய உப்புநீர் கிடைக்கும். உப்பைக் கரண்டியால் அளக்காமல் எடைபோடுவதே நல்லது. ஒரு கரண்டி கல்லுப்பும் ஒரு கரண்டி தூளுப்பும் ஒரே எடை இருப்பதில்லை.

உப்பு, சீஸைக் கெடுக்கும் நுண்ணுயிரிகளை அடக்கி, சீஸ் மேலும் புளிப்பதையும் தாமதப்படுத்துகிறது. ஆனால் வெறும் உப்புத் தண்ணீரில் கால்சியமும் புளிப்பும் போதாமையால், சீஸின் கால்சியம் நீருக்குள் இறங்கிவிட, அதன் புரதம் தண்ணீரை உறிஞ்சி மேற்புறம் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. விரலால் தடவினால் வழுக்கும், உப்புநீரும் பால்போலக் கலங்கும். தெளிநீரில் கால்சியம், புளிப்பு இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன.

வடித்த அன்றே சீஸை உப்புநீரில் போடக்கூடாது. துண்டுகளில் உப்பைத் தடவி, ஓரிரு நாள் குளிர்ச்சியில் நீர் வடியவிட்ட பிறகே, முழுவதும் மூழ்குமாறு கண்ணாடிச் சாடியில் இடவேண்டும். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வெயிலில் இந்த அளவு உப்பு மட்டும் காவலாகாது என்பதால், சாடி குளிர்பதனப் பெட்டியில்தான் இருக்கவேண்டும். தெளிநீர் ஏற்கெனவே நாற்றமடித்தாலோ ஆடை படிந்திருந்தாலோ இந்த முறை உதவாது.