இரவல் கொடுத்த புத்தகம்: கேட்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

இரவல் கொடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களிடம், 'எப்போது தருவதாகப் பேச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அப்படி ஒரு பேச்சே நடந்திருக்காது. 'மெதுவாப் படிச்சிட்டுக் குடுங்க' என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நாள் குறிக்காமல் கொடுத்ததை எப்போது கேட்டாலும் திடீரென்று கேட்டது போலத்தான் இருக்கும். வாங்கியவருக்கும் 'நம்மை நம்பவில்லையோ' என்று சுருக்கென்று படும். நாள் பேசிக் கொடுத்திருந்தால், பேசியதை நினைவுபடுத்துவது மட்டுமே மிச்சம்.

சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 160-ஆம் பிரிவு: குறித்த காலம் முடிந்ததும், அல்லது எதற்காக வாங்கினாரோ அந்தக் காரியம் முடிந்ததும், உரியவர் கேட்காமலேயே பொருளைத் திருப்பித் தருவது வாங்கியவரின் கடமை. ஒரு நாவலுக்காக யாரும் சட்டம் பேசப் போவதில்லை. ஆனால் அந்தக் கடமை எப்போது தொடங்கும் என்று தெரிய வேண்டுமானால், ஒரு காலம் குறித்திருக்க வேண்டும்.

நாளை நீங்களே சொல்லாமல், வாங்குபவரைச் சொல்ல வையுங்கள். 'எத்தனை நாள் வேணும், நீங்களே சொல்லுங்க' என்று கேட்டால் போதும். தானே சொன்ன நாள் அவருக்கு நினைவில் நிற்கும். சராசரி நாவலுக்கு 28 நாள் சரியாக வரும். 30 நாள் என்பதைவிட இது வசதி: சரியாக நான்கு வாரம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை கொடுத்தது ஞாயிற்றுக்கிழமையே திரும்பும்; அன்று இருவரும் வீட்டில் இருப்பார்கள். ஏணி, டிரில்லிங் மெஷின் போன்றவற்றுக்கு வாரக்கணக்கு வேண்டாம். 'நாளைக்குச் சாயங்காலம்' என்று வேலை முடியும் நேரத்தையே பேசிக்கொள்ளலாம்.

அடுத்த தவறு, பல பாகம் உள்ள நாவலை மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பது. ஐந்து பாகங்களையும் ஒரே பையில் கொடுத்தால், வாங்கியவர் ஐந்தையும் முடிக்கும்வரை எதையும் திருப்ப மாட்டார். அதற்குள் முதல் பாகம் அவர் வீட்டில் இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். கடைசியில் நான்கு பாகம் வந்து சேரும். ஒரு பாகம் இல்லாத தொகுதி அலமாரியில் இருந்தும் பயனில்லை. தனிப் பாகமாக வாங்கினால் பழைய பதிப்போடு அட்டையும் அளவும் ஒத்துப்போகாது. எனவே ஒரு பாகம் திரும்பி வந்தால்தான் அடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பாகத்தைப் படிக்கும் ஆவல், நீங்கள் அனுப்பும் எந்த நினைவூட்டலையும்விட வேகமாகப் புத்தகத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். டிரில்லிங் மெஷின் கொடுத்தாலும் இதே கவனம் வேண்டும்: பெட்டி, பிட் எத்தனை, சக் சாவி உண்டா என்று எண்ணி எழுதாவிட்டால் மெஷின் திரும்பும், சாவி திரும்பாது.

ஆளை வைத்து எழுதும் நோட்டு

பலர் நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் வாங்கியதை வரிசையாக எழுதுகிறார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் இந்த வாரம் எது வர வேண்டும் என்று அறிய எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். யாரும் புரட்டுவதில்லை.

நூலகங்கள் இதை நெடுங்காலம் முன்பே தீர்த்துவிட்டன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீனா பிரௌன் என்ற அமெரிக்க நூலகர் வகுத்த முறை நம் நாட்டு நூலகங்களிலும் பரவலாக இருந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஓர் அட்டை. உறுப்பினரிடம் சிறு பை போன்ற டிக்கெட். புத்தகம் வெளியே போகும்போது அந்த அட்டையை டிக்கெட்டுக்குள் செருகி, திரும்ப வேண்டிய தேதியின் பின்னால் தட்டில் அடுக்குவார்கள். இன்றைய தேதிக்கு முந்தைய பகுதியில் எது மிஞ்சியிருக்கிறதோ அதெல்லாம் கெடு தாண்டியது. தேட வேண்டியதே இல்லை. டிக்கெட் உறுப்பினரிடம் இல்லாததால், பழைய புத்தகத்தைத் தராமல் அந்த டிக்கெட்டில் புதியது எடுக்கவும் முடியாது.

வீட்டில் இதைக் கூகுள் ஷீட்ஸில் ஆறு பத்தியில் செய்துவிடலாம். A பொருள், B யாரிடம், C கொடுத்த நாள், D திரும்ப வேண்டிய நாள், E வந்த நாள், F மீதி நாள். C-யில் நாளை உள்ளிட்டு, D2-வில் முதல் வரியையும் F2-வில் இரண்டாம் வரியையும் இட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(C2="","",C2+28)
=IF(OR(D2="",E2<>""),"",D2-TODAY())
```

28 நாள் அல்லாத பொருளுக்கு D-யில் தேதியை நேரடியாகத் தட்டச்சு செய்யலாம். ஞாயிறுதோறும் ஒருமுறை திறந்து, F-இல் 7-உம் அதற்குக் கீழும் உள்ளவற்றைப் பார்த்தால் போதும். D காலியா என்று பார்க்கும் பகுதியை விட்டுவிடாதீர்கள். விட்டால், தேதி இல்லாத வரியில் `#VALUE!` என்று வந்து நிற்கும். முதல் வரி D-யில் இடும் வெற்று எழுத்திலிருந்து இன்றைய தேதியை ஷீட்ஸால் கழிக்க முடியாததுதான் காரணம்.

இதைவிடப் பெரிய ஆபத்து தேதி மாறிப்போவது. மூன்றாம் பாகத்தை 2025 ஜூலை 13, ஞாயிறு அன்று கொடுத்தீர்கள். ஆகஸ்ட் 10 ஞாயிறு திரும்ப வேண்டும். ஷீட்டின் நாடு அமெரிக்கா என்று இருந்தால், 13/07/2025 என்று அடித்தது தேதியாகவே ஏறாது. பதின்மூன்றாம் மாதம் இல்லையே. அது வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும்; D-யில் `#VALUE!` என்று வரும். இது நல்லது, தவறு கண்ணில் படுகிறது. சலிப்பில் D-யில் 10/08/2025 என்று கையால் அடித்தால்தான் ஆபத்து. அதை அக்டோபர் 8 என்று எடுத்துக்கொண்டு ஷீட் அமைதியாக இருக்கும். உங்கள் நினைவூட்டல் 59 நாள் தள்ளிப்போகும். முதல் வேலையாக File > Settings > Locale போய் India என்று மாற்றுங்கள். மாற்றும் முன்பே ஏறிய தேதிகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். நல்ல தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும்.

ஷீட் எல்லாம் எதற்கு, வாட்ஸ்அப்பில்தான் எல்லாம் இருக்கிறதே என்று விடுவதும் உண்டு. அந்த உரையாடலில் மறையும் செய்திகள் இயங்கிக்கொண்டிருந்தால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ எழுதியது போய்விடும். அந்த அமைப்பை எதிரில் இருப்பவரும் போட்டிருக்கலாம். வாட்ஸ்அப் பதிவேடாக உதவாது, சாட்சியாக உதவும். கொடுக்கும்போதே அட்டைப் படத்தை எடுத்து, 'மூணாம் பாகம், ஆகஸ்ட் 10' என்று ஒரு வரி சேர்த்து அவருக்கே அனுப்பிவிட்டால் இருவரிடமும் ஒரே கணக்கு இருக்கும். ஏற்கெனவே கிழிந்த பக்கம் இருந்தால் அதையும் அப்போதே படம் எடுப்பது இருவருக்கும் நல்லது.

'படிச்சிட்டீங்களா?' என்று கேட்பது

மிக மென்மையான கேள்வி போலத் தோன்றும் இது, புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவராது. 'இன்னும் இல்லைங்க' என்று பதில் வரும். அதன் பிறகு உங்களால் மேலே பேச முடியாது. படிக்காதது அவருக்கும் உறுத்தலாக இருப்பதால் அடுத்த முறை உங்கள் செய்தியைத் திறக்கவே தயங்குவார். நீங்கள் கேட்க வேண்டியது படித்தாரா என்பதை அல்ல, எப்போது வரும் என்பதை. கூடவே, இரண்டு பதிலில் எதைச் சொன்னாலும் அவருக்குக் கௌரவக் குறைச்சல் ஆகாதபடி கேட்க வேண்டும். மேலே சொன்ன பாகத்துக்கு, மூன்று நாள் முன்னதாக, ஆகஸ்ட் 7 வியாழன் மாலை, இப்படி அனுப்பலாம்:

'அக்கா, மூணாம் பாகம் இந்த ஞாயிறு 10-ம் தேதின்னு குறிச்சு வெச்சிருக்கேன். முடிக்க இன்னும் நாள் வேணும்னா சொல்லுங்க, 24-ம் தேதின்னு மாத்திக்கிறேன். முடிச்சாச்சுன்னா காய் வாங்க வரும்போது நானே வந்து வாங்கிக்கிறேன், நாலாம் பாகமும் கொண்டு வர்றேன்.'

இதில் கேள்வியே இல்லை. தேதி இருக்கிறது, நீட்டிக்க வழி இருக்கிறது, யார் வருவது என்பதும் முடிவாகிவிட்டது. அவர் 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நீட்டித்தால் D-யில் உடனே புதுத் தேதியை மாற்றுங்கள். இரண்டு முறைக்கு மேல் நீட்டிப்பது நல்லதல்ல. மூன்றாவது முறை, 'இப்போதைக்கு வாங்கிக்கிறேன், நேரம் கிடைக்கும்போது மறுபடி எடுத்துக்கோங்க' என்று சொல்வதே இருவருக்கும் நிம்மதி.

கெடு தாண்டிவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒருமுறை மட்டும் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் எழுத்தை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். வயதில் மூத்தவர்களுக்கு, சித்தப்பா, பெரியம்மா, பழைய வாத்தியார் போன்றவர்களுக்கு, தொடக்கத்திலிருந்தே போன்தான் மரியாதை. நலம் விசாரித்த பிறகு, 'அந்தப் புத்தகத்தை இன்னொருத்தர் கேக்கறாங்க, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கட்டுமா சித்தப்பா?' என்று கேட்கலாம். உண்மையிலேயே இன்னொருவர் கேட்டிருந்தால் மட்டும் அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். பொய்க் காரணம் இரண்டாவது முறை தெரிந்துவிடும். உறவினர் குழுவிலோ அடுக்குமாடி குழுவிலோ 'என் ஏணி யாரிடம் இருக்கிறது?' என்று போடுவது, யாரிடம் என்று உங்களுக்கே தெரியாதபோது மட்டும் சரி. தெரிந்தும் போட்டால் ஏணி வரும், அந்த மனிதர் பிறகு வரமாட்டார்.

இந்தக் காரியத்தில் மன்னிக்க முடியாத தவறு ஒன்று உண்டு: திருப்பிக் கொடுத்தவரிடம் மறுபடி கேட்பது. பொருள் வந்த அன்றே E-யில் தேதி போடாததால் நடப்பது இது. நீங்கள் இல்லாதபோது வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருப்பார்; அது ஹாலில் செய்தித்தாளுக்கு அடியில் கிடக்கும். செய்தி அனுப்பும் முன் அலமாரியை ஒருமுறை பாருங்கள், வீட்டில் உள்ளவர்களையும் கேளுங்கள். வாசலருகே ஒரு தட்டு வைத்து, வந்த பொருள் எல்லாம் முதலில் அங்கேதான் என்று வீட்டில் சொல்லிவைத்தால், E-யில் தேதி போட்ட பிறகே அது அலமாரிக்குப் போகும்.

வாங்கியவர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னால், அந்த மூன்றாமவரைத் தேடிப் போகாதீர்கள். 'நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க, ஒரு வாரம் கழிச்சுப் பேசறேன்' என்று சொல்லி, B-யில் அதே பெயரை வைத்துக்கொண்டு D-யை மட்டும் மாற்றுங்கள். அடையாளம் இருந்தால் இது எளிது. முதல் பக்கத்தில் மட்டும் பெயர் எழுதினால் அட்டையோடு அதுவும் கிழிந்து போகலாம். பைண்டிங் செய்யும்போதும் போய்விடலாம். நூலகங்கள் உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் முத்திரை குத்துவது இதற்காகத்தான். நீங்களும் எல்லாப் புத்தகத்திலும் ஒரே பக்கத்தை, 17-ஆம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் சிறியதாகப் பெயர் எழுதலாம். எவர்சில்வர் பாத்திரத்துக்குக் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். அடியில் வெட்டாமல் விளிம்பருகே வெட்டச் சொன்னால், கழுவி அடுக்குபவர் கண்ணில் படும்.

நீங்கள் வாங்கி வந்தவற்றுக்கு அதே ஷீட்டில் இன்னொரு தாள் போதும். பத்திகளும் அவையே, B-யில் கொடுத்தவர் பெயர் வரும். அந்தப் புத்தகங்களைச் சொந்தப் புத்தகங்களோடு கலக்காமல் தனித் தட்டில் வையுங்கள். உங்கள் பெயரில் மீதி நாள் 3 என்று வந்ததும், அவர் கேட்பதற்கு முன் நீங்களே எழுதுங்கள்: 'அண்ணே, இன்னும் 60 பக்கம் இருக்கு, அடுத்த ஞாயிறு கொண்டு வந்து தர்றேன்.'