கொடைக்கானல் வீட்டு வாடகை: யார் பங்கு எவ்வளவு?

நான்கு படுக்கையறை வீடு. ஓர் இரவுக்கு 9,000 வீதம் நான்கு இரவுக்கு 36,000 ரூபாய். அக்கா வீட்டில் நாலு பேர், தம்பியும் மனைவியுமாக இரண்டு பேர். இவர்கள் நான்கு இரவும் தங்குகிறார்கள். சித்தப்பா வீட்டில் ஆறு பேர், ஆனால் கடைசி இரண்டு இரவு மட்டும்.

வீட்டுக்கு 12,000 என்று மூன்றாக வெட்டினால் தம்பி மனைவியின் முகம் சுருங்கும். அதைத் தவிர்க்கப் பலரும் செய்வது, தலையை இரவால் பெருக்குவது. 16, 8, 12, கூட்டினால் 36. தலைக்கு ஓர் இரவுக்கு 1,000 ரூபாய். அக்கா 16,000, தம்பி 8,000, சித்தப்பா 12,000. இவ்வளவு அழகாக வருவதாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை.

தவறு இங்கேதான். ஆறு பேர் படுத்தாலும் பன்னிரண்டு பேர் படுத்தாலும் அன்றைய வாடகை 9,000தான். முதல் இரண்டு இரவில் தலைக்கு 1,500 விழுகிறது, எல்லாரும் இருக்கும் இரவில் 750. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பெருக்கும்போது, தான் வந்தே சேராத இரவுக்கும் சித்தப்பா பணம் கட்டுகிறார். ஒவ்வோர் இரவையும் தனியாகப் பிரித்தால் அக்கா 18,000, தம்பி 9,000, சித்தப்பா 9,000.

இதோடு நிறுத்தினாலும் தப்புதான். நான்கு அறை வீட்டை எடுத்ததே சித்தப்பா குடும்பத்துக்காக. அக்காவும் தம்பியும் மட்டும் என்றால் ஓர் இரவுக்கு 6,000 ரூபாயில் இரண்டு அறை வீடு போதும். அப்படியானால் முதல் இரண்டு இரவிலும் 3,000 வீதம் கூடுதலான 6,000 யாரால் வந்தது? அந்த 6,000 ரூபாயைச் சித்தப்பா ஏற்றால் அவர் பங்கு 15,000. அக்காவுக்கு 14,000, தம்பிக்கு 7,000. "நீங்க ரெண்டு நாளாவது வாங்க சித்தப்பா" என்று வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தால், என் கணக்கில் அந்த 6,000 கூப்பிட்டவர்கள் தலையில்தான். நான்கு இரவும் வருவதாகச் சொல்லிவிட்டுப் பிந்தி வந்தால் கதை வேறு. முதலில் பேசியபடி தலைக்கு 750 வீதம் நான்கு இரவுக்கும் அவர் 18,000 தரவேண்டும். ஆகவே இதையெல்லாம் முன்பணம் அனுப்புவதற்கு முன்பே பேசிவிட வேண்டும்.

அம்மாவோடு படுக்கும் கைக்குழந்தையை எண்ண வேண்டாம். திரும்பி வரும் டெபாசிட்டையும் பங்கில் சேர்க்காதீர்கள்.

மளிகை, சமையல்காரர் செலவை வாடகையோடு கலப்பதும் வழக்கமான பிழை. தலை கூடினால் அரிசி கூடும். தலையைப் பெருக்கும் அந்தப் பழைய கணக்கு அங்கே சரியாக வரும். ஆனால் இரவை எண்ணாமல், சாப்பிட்ட வேளையை எண்ணுங்கள்.