உடற்பயிற்சிக்குப் பின் சிறுநீர் பழுப்பானபோது

நெடுநாள் இடைவெளிக்குப் பிறகு ஒரே மாலையில் இருநூறு முறைக்கு மேல் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்தேன். மறுநாள் தொடைகள் வீங்கிக் கல்லாக இறுகின. அதற்கடுத்த காலையில் சிறுநீர் பாலில்லாத தேநீரின் நிறத்தில் இறங்கியது.

நீர் குறைந்ததால்தான் என்று எண்ணி ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தேன். வெறும் நீர்க்குறைவாக இருந்தால் அடர்மஞ்சள் சில மணி நேரத்தில் வெளிர்மஞ்சளாகிவிடும். எனக்கோ மாலை வரை பழுப்பு மாறவேயில்லை. கண்ணில் மஞ்சள் படரவில்லை என்பதால் காமாலையாகவும் தோன்றவில்லை. உடனே மருத்துவமனைக்குச் சென்றேன்.

அங்கே சோதனைப் பட்டை இரத்தம் இருப்பதாகக் காட்டியது, ஆனால் நுண்ணோக்கியில் சிவப்பணுக்களே இல்லை. இந்த முரண்பாடுதான் உண்மையைச் சொன்னது: சிதைந்த தசையிலிருந்து கசிந்த மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரில் கலந்திருந்தது, பட்டையால் அதையும் இரத்தத்தையும் பிரித்தறிய முடியாது. சிறுநீரகக் கல்லாகவோ தொற்றாகவோ இருந்திருந்தால் சிவப்பணுக்கள் தெரிந்திருக்கும். தசை சிதையும்போது இரத்தத்தில் கலக்கும் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி சில நூறு அலகுக்குள் இருக்க வேண்டும்; எனக்கோ 38,000.

மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதால், மணிக்கு 200 மில்லிலிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் பிரியும் வகையில் சலைன் ஏற்றினார்கள். இதயத் துடிப்பைக் குலைக்கும் பொட்டாசியத்தையும் அடிக்கடி அளந்தார்கள். தசைவலிக்காக நான் விழுங்கிய ஐபுபுரூஃபன் சிறுநீரகத்துக்கு மேலும் சுமை என்று மருத்துவர் கண்டித்து நிறுத்தினார். இரண்டாம் நாள் இரவு நிறம் தெளிந்தது. ஆனாலும் கைனேஸ் அளவு உறுதியாக இறங்கிய பிறகே, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.